அனுமதி கேட்காத கடிதம்

1475 ஏப்ரல் 25 அன்று இத்தாலியின் பொலோன்யா நகரத்திலிருந்து ஃபெராரா நகரத்துக்கு ஒரு கடிதம் எழுதப்பட்டது. எழுதியவர் ஜிரோலாமோ சவோனரோலா. அப்போது அவருக்கு வயது 22. கடிதம் அவருடைய தந்தை நிக்கோலோவுக்கு. முந்தைய நாள் வீட்டில் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிய மகன், தான் துறவு மடத்தில் சேர வந்துவிட்டதையும், ஏன் வந்தேன் என்பதையும், ஏன் சொல்லாமல் வந்தேன் என்பதையும் அதில் விளக்கியிருந்தார். பின்னாளில் இதே மனிதர் ஃபிளாரன்ஸ் நகரத்தைத் தம் பிரசங்கங்களால் ஆட்டிவைத்து, போப்பாண்டவரைப் பகைத்து, 1498 மே 23 அன்று அந்நகரத்துப் பொதுச் சதுக்கத்தில் தூக்கிலிடப்பட்டு எரிக்கப்பட்டார். அந்தப் புகழும் அவப்பெயரும் இருந்ததால்தான் இளவயதுக் கடிதமும் வரலாற்றாசிரியர்கள் கண்ணில் பட்டது. ஆனால் கடிதத்தைப் படிக்க அந்தப் பின்கதை தேவையில்லை. துறவு பூணும் மகன் பெற்றோரிடம் என்ன சொல்ல முடியும், எதைச் சொல்லித் தேற்ற முடியாது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் பழைய கடிதங்கள் குறைவு.

சவோனரோலா குடும்பம் பதுவா நகரத்திலிருந்து ஃபெராராவுக்கு வந்தது. ஜிரோலாமோவின் தாத்தா மிக்கேலே பேர்பெற்ற மருத்துவர். ஃபெராராவை ஆண்ட எஸ்தே அரச குடும்பத்தின் அரண்மனை வைத்தியர். மருத்துவ நூல்களும் எழுதியவர். தந்தை நிக்கோலோவுக்கு அந்தப் பெயர் வாய்க்கவில்லை. குடும்பத்தின் நிலை அவர் காலத்தில் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. தாய் எலேனா மாந்துவா நகரத்துப் போனக்கோசி குடும்பத்தில் பிறந்தவர். ஏழு பிள்ளைகளில் ஜிரோலாமோ மூன்றாவது. தாத்தாவே பேரனுக்கு ஆரம்பப் பாடம் சொல்லிக் கொடுத்தார். இலக்கணம், தர்க்கம், தத்துவம் ஆகியவற்றை முடித்துவிட்டு மருத்துவம் படிக்க வேண்டும், தாத்தாவின் இடத்தைப் பிடிக்க வேண்டும் என்பது வீட்டின் திட்டம். ஆகவே அந்த ஏப்ரலில் வீட்டைவிட்டுப் போனது ஒரு மகன் மட்டுமல்ல, குடும்பம் மறுபடி தலைநிமிர்வதற்கென்று வைத்திருந்த நம்பிக்கையும்தான். கடிதத்தை எழுதியவருக்கும் இது தெரியும். ஆனால் கடிதத்தில் மருத்துவத்தைப் பற்றியோ குடும்பத்தின் வருமானத்தைப் பற்றியோ அவர் வாதாடவில்லை. அந்த மௌனத்தைப் பற்றிப் பிறகு பேச வேண்டியிருக்கிறது.

அவர் சேர்ந்தது தொமினிக்கன் சபை. தமிழ்க் கத்தோலிக்கர் சாமிநாதர் சபை என்று சொல்வது இதைத்தான். பொலோன்யாவிலுள்ள அதன் மடத்தில்தான் சபையை நிறுவிய புனித தொமினிக்கின் கல்லறை இருக்கிறது. ஃபெராராவிலும் அதே சபைக்கு மடம் உண்டு; ஆனால் சொந்த ஊரில் சேர்ந்தால் வீட்டார் மறுநாளே வாசலில் நிற்பார்கள். ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான தூரத்தில், வேறு ஆட்சிக்கு உட்பட்ட நகரத்தைத் தேர்ந்ததில் பக்தியோடு கணக்கும் இருந்திருக்கும். கிளம்பிய நாளும் அப்படியே. அன்று ஃபெராராவின் காவல் புனிதரான ஜார்ஜின் திருவிழா. ஊரே கொண்டாட்டத்தில் இருந்தது. ஓர் இளைஞன் வெளியே போனால் யாரும் கேட்க மாட்டார்கள்.

இவ்வளவு மறைப்பு எதற்கு என்று தோன்றலாம். திருச்சபைச் சட்டப்படி அவருக்கு யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை. பருவம் எய்திய பிள்ளை, அதாவது பதினான்கு வயது நிறைந்த ஆண், பெற்றோர் சம்மதமின்றியே துறவு வார்த்தைப்பாடு கொடுக்கலாம் என்பது இடைக்காலத் திருச்சபையின் நிலை. இந்த இடத்தில் பௌத்த மரபு நேர்மாறானது. தம் பேரன் ராகுலன் துறவியாக்கப்பட்டபோது சுத்தோதனர் பட்ட வேதனைக்குப் பிறகு, தாய்தந்தையர் சம்மதமில்லாத பிள்ளைக்குத் துறவு கொடுக்கக் கூடாது என்று புத்தர் விதித்ததாக விநய நூல் சொல்கிறது. இன்றும் பிக்கு ஆகிறவரிடம் அந்தக் கேள்வி கேட்கப்படுகிறது. அங்கே விடைபெறும் பேச்சு முதலில் நடக்கும், துறவு பிறகு. ஐரோப்பாவில் அந்தக் கட்டாயம் இல்லாததால் துறவு முதலில், விளக்கம் பிறகு என்றாயிற்று. வீட்டைவிட்டு ஓடிய பின் எழுதும் கடிதம் என்கிற வகையே இப்படிப் பிறந்ததுதான்.

சட்டம் துணை நின்றாலும் குடும்பங்கள் சும்மா இருக்கவில்லை. 1244இல் தாமஸ் அக்குவினாஸ் இதே சபையில் சேர்ந்தபோது அவருடைய சகோதரர்கள் அவரை வழியிலேயே பிடித்துக்கொண்டு போய்ச் சுமார் ஓராண்டு குடும்பக் கோட்டையில் அடைத்துவைத்தார்கள். பார்மா நகரத்து சலிம்பேனே 1238இல் பிரான்சிஸ்கன் சபையில் சேர்ந்தபோது அவருடைய தந்தை பேரரசர் வரை போய் முறையிட்டு, மகனைத் தேடி ஃபானோ நகரத்து மடத்துக்கே வந்துவிட்டார். எல்லார் முன்னிலையிலும் மகனைக் கேட்டார், தனியாகவும் கேட்டார். மகன் அசையவில்லை. தந்தை சபித்துவிட்டுத் திரும்பினார். பிற்காலத்தில் தம் வரலாற்று நூலில் சலிம்பேனே இந்தச் சந்திப்பை விரிவாக எழுதிவைத்தார். அவர் தந்தைக்கு அளித்த பதில்கள் பெரும்பாலும் வேத வசனங்கள். மேற்கோள் ஒவ்வொன்றும் சரி. ஆனால் அழுதுகொண்டு நிற்கும் தந்தையிடம் மேற்கோளைத் தவிர வேறு எதையும் அந்தப் பிள்ளை கொடுக்கவில்லை. சவோனரோலாவின் கடிதம் அதிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது என்பதைக் காண இந்தச் சம்பவம் உதவுகிறது.

கடிதம் அன்றைய பேச்சு இத்தாலியனில் எழுதப்பட்டது. மரியாதைச் சொற்களும் வேத வரிகளும் இலத்தீனில் இடையிடையே வரும். தொடக்கமே தந்தையின் துயரத்தில்தான். நான் போனதால், அதுவும் ஒளிந்து போனதால், தாங்கள் மிகவும் வருந்துவீர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை என்று மகன் ஆரம்பிக்கிறார். வருந்தாதீர்கள் என்று எடுத்த எடுப்பில் சொல்லிவிடவில்லை. அடுத்து, இந்தக் கடிதத்தின் வழியாகத் தம் மனத்தையும் நோக்கத்தையும் தந்தை முழுமையாக அறிய வேண்டும், அறிந்தால் தேறுவார், இது சிறுபிள்ளைத்தனமான உந்துதலில் நடந்ததல்ல என்பதும் புரியும் என்கிறார். முதல் சில வரிகளிலேயே இரண்டு விஷயங்கள் நிலைபெறுகின்றன: துயரம் உண்மையானது, முடிவும் உண்மையானது. ஒன்றைக் காட்டி மற்றதை இல்லாததாக்க எழுதியவர் முயலவில்லை.

பிறகு தந்தைக்கு ஒரு வேண்டுகோள் வருகிறது. உண்மையை உணர்ச்சியால் அளக்காமல் அறிவால் அளக்கிற ஆண்மகனாக இதைத் தீர்மானியுங்கள் என்பது அதன் சாரம். இன்றைய வாசகருக்கு இது கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனமாகத் தோன்றலாம். 22 வயது மகன் தந்தைக்கு மனவுறுதி கற்பிக்கிறான் என்று நிக்கோலோவுக்கும் தோன்றியிருக்கலாம். ஆனாலும் அந்த வேண்டுகோளில் மரியாதை இருக்கிறது. தேற்றப்பட வேண்டிய முதியவராக அல்ல, காரணம் கேட்டுத் தீர்ப்புச் சொல்லத் தகுந்தவராக மகன் தந்தையை நடத்துகிறார்.

காரணம் என்று கடிதம் சொல்வது உலகத்தின் நிலையை. மனிதர்களின் அக்கிரமம், காமம், களவு, ஆணவம், தெய்வ நிந்தனை ஆகியவை மலிந்து, நன்மை செய்பவர் ஒருவரும் இல்லாத அளவுக்குக் காலம் கெட்டுவிட்டது என்கிறார். அதை நினைத்து நாள்தோறும் பலமுறை கண்ணீரோடு வெர்ஜிலின் ஒரு வரியைத் தமக்குத் தாமே பாடிக்கொண்டதாகவும் எழுதுகிறார். அந்த வரி வருமிடம் ஈனியட் காவியத்தின் மூன்றாம் காண்டம். பொன்னுக்கு ஆசைப்பட்ட திரேஸ் நாட்டு அரசன் தன்னிடம் அடைக்கலமாக அனுப்பப்பட்ட இளவரசனைக் கொன்றுவிடுகிறான். புதைந்துகிடக்கும் அந்த இளவரசனின் குரல், கரை இறங்கிய ஈனியஸை அந்தப் பேராசைக் கரையிலிருந்து தப்பிப் போகச் சொல்கிறது. நிக்கோலோவுக்கு இது பள்ளிப்பாடமாக அறிமுகமாகியிருக்கும். வேதத்துக்கு முன்னால் வெர்ஜிலை வைத்தது, மடத்தின் மொழியில் பேசாமல் வீட்டுக்குப் பழகிய படிப்பின் மொழியில் பேசும் முயற்சி.

உலகம் கெட்டுவிட்டது என்கிற காரணம் பலவீனமானது என்று சொல்லத் தோன்றும். எல்லாக் காலத்து இளைஞர்களும் அதைச் சொல்கிறார்கள். ஆனால் சவோனரோலா விஷயத்தில் இது கடிதத்துக்காகத் தேடிய காரணம் அல்ல. மூன்றாண்டுகளுக்கு முன், 1472இல், உலகத்தின் அழிவைப் பற்றி அவர் நீண்ட கவிதையே எழுதியிருந்தார். மணம் பேசப்போய் மறுக்கப்பட்ட காதல்தான் உண்மைக் காரணம் என்று ஒரு கதையும் உண்டு. பக்கத்து வீட்டு ஸ்த்ரோட்சி குடும்பத்துப் பெண், சவோனரோலா குலம் தனக்குச் சமமில்லை என்று சொன்னதாக அந்தக் கதை போகிறது. அது நடந்திருக்கலாம். கடிதத்தில் அதன் சாயல்கூட இல்லை. பெற்றோர் தேடும் காரணமும் பிள்ளை சொல்லும் காரணமும் வேறுவேறாக இருப்பது இந்த மாதிரிக் கடிதங்களில் வழக்கம். துறவுக்குக் காரணம் சொன்னால் அதன் பின்னால் ஒரு தோல்வியைத் தேடுவது ஊர் வழக்கம்.

அடுத்த பகுதியில்தான் கடிதத்தின் முதுகெலும்பு இருக்கிறது. தம் மனம் சரிந்த வழியைச் சொன்ன பிறகு, தாம் கடவுளிடம் கேட்டதைச் சொல்கிறார். இந்தச் சேற்றிலிருந்து தம்மைத் தூக்கிவிட வேண்டும் என்றும், நடக்க வேண்டிய வழியைக் காட்ட வேண்டும் என்றும் திருப்பாடல் ஒன்றின் சொற்களால் தினமும் வேண்டியதாக எழுதுகிறார். வழி காட்டப்பட்டுவிட்டது. கேட்டுப் பெற்ற பிறகு போகாமலிருப்பது நன்றிகெட்டதனம் அல்லவா என்கிறார். இங்கே கவனிக்க வேண்டியது, முடிவு இன்னும் எடுக்கப்படாதது போல அவர் ஓர் இடத்திலும் பேசவில்லை. தந்தை சம்மதித்தால் தொடர்வேன் என்கிற சொல் இல்லை. ஆண்டுக்கணக்கான யோசனைக்குப் பின் கிடைத்த விடை இது. இப்போது தெரிவிக்கப்படுகிறது, விவாதத்துக்கு வைக்கப்படவில்லை.

அதற்குப் பிறகு வருவது தர்க்க மாணவனுக்கே உரிய இருதலை வாதம். தாங்கள் என்னை நேசிக்கிறீர்கள், இதில் ஐயமில்லை. நான் உடல், ஆன்மா என்கிற இரண்டால் ஆனவன். தாங்கள் நேசிப்பது உடலையா, ஆன்மாவையா? உடலை என்று சொல்ல முடியாது, ஏனென்றால் அது என்னில் தாழ்ந்த பாதியை நேசிப்பதாகும். ஆன்மாவை என்றால் அதன் நன்மையைத் தேடிப் போனதற்கு ஏன் அழ வேண்டும், மகிழத்தானே வேண்டும்? பொலோன்யா மடத்துப் பாடக்கூடத்தில் இது செல்லுபடியாகும். வீட்டில் ஆகாது. மகனை நேசிக்கும் தாய் அவனை இரண்டாகப் பிரித்து நேசிப்பதில்லை. அவள் தேடுவது சாப்பாட்டு மேசையில் காலியாகக் கிடக்கும் இடத்தில் உட்கார வேண்டியவனை. கடிதத்தின் மிகக் கெட்டிக்காரத்தனமான பகுதியே அதன் மிக வலுவற்ற பகுதியும்கூட.

கடிதத்தை எழுதியவரும் அதை உணர்ந்திருக்க வேண்டும். ஏனென்றால் வாதத்தை வென்ற கையோடு அவர் நிறுத்தவில்லை. சதைக்கு வலிக்காமல் இருக்காது என்று ஒப்புக்கொள்கிறார். தாமும் தந்தையைப் போலவே சதையால் ஆனவர்தான், புலனுணர்வு அறிவை எதிர்க்கிறது, அதனோடு கடுமையாகப் போராடிக்கொண்டிருக்கிறேன் என்கிறார். பிறந்த நாள் முதல் இதுபோல் பெரிய துயரம் தமக்கு வந்ததில்லை. தம் இரத்த உறவை விட்டுவிட்டு முன்பின் தெரியாதவர்களிடம் போவதுதான் அது என்று எழுதுகிறார். சொல்லாமல் போனதற்கான விளக்கமும் இங்கேதான் வருகிறது. தம் மனத்தில் இருந்த வேதனையை வாய் திறந்து காட்டியிருந்தால், கிளம்புவதற்கு முன்பே நெஞ்சு உடைந்து, எண்ணம் தடைப்பட்டிருக்கும் என்கிறார். தந்தையின் கோபத்துக்குப் பயந்து ஓடியதாகச் சொல்லவில்லை. தம் பாசத்துக்குப் பயந்ததாகச் சொல்கிறார். அன்பும் உறுதியும் ஒரே வாக்கியத்தில் நிற்கும் இடம் இது. மன்னிப்புக் கேட்கும் தொனி இதில் இல்லை. வலித்தது என்பதும், அந்த வலி முடிவைத் திருத்தப் போதவில்லை என்பதும் சேர்ந்தே சொல்லப்படுகின்றன.

தந்தைக்குப் பெருமையாகத் தோன்றக்கூடிய ஒன்றையும் அவர் மறக்கவில்லை. இயேசு கிறிஸ்து தங்கள் மகனைத் தம் போர்வீரனாக, தம் மாவீரனாக ஏற்றுக்கொண்டிருக்கிறார்; இதைப் பெரிய பேறாக நினைக்க மாட்டீர்களா என்று கேட்கிறார். எஸ்தே அரண்மனையை அண்டி வாழ்ந்த குடும்பத்தில் வீரப்பட்டம் என்றால் என்ன என்பதை விளக்க வேண்டியதில்லை.

முடிவில் தந்தைக்கு ஒரு வேலை தரப்படுகிறது. தாயைத் தேற்றுங்கள் என்று கேட்கிறார். பிறகு தாயும் தாங்களும் சேர்ந்து எனக்கு ஆசி தாருங்கள் என்று வேண்டுகிறார்; தங்கள் ஆன்மாக்களுக்காக எப்போதும் உருக்கமாக மன்றாடுவேன் என்று உறுதி கூறுகிறார். அனுமதி என்கிற சொல் வரவேண்டிய இடத்தில் ஆசி வருகிறது. அனுமதி மறுக்கப்பட்டால் காரியம் நின்றுபோக வேண்டும். ஆசி மறுக்கப்பட்டாலும் காரியம் நிற்காது, ஆனால் கேட்டவருக்கு வலிக்கும். பெற்றோர் கையில் அவர் விட்டுவைத்த அதிகாரம் அந்த இரண்டாவது வகை.

கடிதத்தில் போகிறபோக்கில் ஒரு குறிப்பும் இருக்கிறது. ஜன்னலோரம் சாய்த்துவைத்த புத்தகங்களுக்குப் பின்னால் சில தாள்களை வைத்துவிட்டு வந்திருக்கிறேன், என் நிலையை அவை மேலும் தெரிவிக்கும் என்கிறார். அது உலகத்தைத் துச்சமாகக் கருதுவது பற்றிய சிறு கட்டுரை. தந்தை அதைத் தேடி எடுத்தார். எடுத்ததோடு, அதற்கு முன்குறிப்பாகச் சில வரிகளைத் தம் கையால் எழுதியும் வைத்தார்: 1475 ஏப்ரல் 24, புனித ஜார்ஜ் திருநாளன்று, மருத்துவத்துக்கு முந்தைய கலைப்படிப்பில் இருந்த தம் மகன் வீட்டைவிட்டுப் பொலோன்யா சென்று தொமினிக்கன் துறவிகளிடம் சேர்ந்தார் என்றும், தமக்கு ஆறுதலாகக் கீழ்க்கண்டவற்றை விட்டுச்சென்றார் என்றும் அந்தக் குறிப்பு சொல்கிறது. சபிக்கவும் இல்லை, பாராட்டவும் இல்லை. குடும்பக் கணக்கேட்டில் பிறப்பு இறப்பைக் குறிப்பதுபோலத் தேதியிட்டுக் குறித்திருக்கிறார். கடிதத்துக்குத் தந்தை அளித்த பதில் என்று நம்மிடம் மிஞ்சியிருப்பது கிட்டத்தட்ட இவ்வளவுதான். தூக்கி எறியாமல் பத்திரப்படுத்தினார் என்பதை வைத்து வாசகர் தாமே ஊகித்துக்கொள்ளலாம்.

வீட்டின் அழுகை அதோடு ஓயவில்லை. தொடர்ந்து வந்த புலம்பலுக்குப் பதிலாக மகன் எழுதிய இன்னொரு கடிதமும் கிடைத்திருக்கிறது. அதன் குரலே வேறு. குருடர்களே, ஏன் அழுகிறீர்கள் என்கிற ரீதியில் அது தொடங்குகிறது. ஓர் அரசன் என் இடுப்பில் வாள் கட்டிப் பட்டம் கொடுத்திருந்தால் விழா எடுத்திருப்பீர்கள், கிறிஸ்து கொடுத்தபோது அழுகிறீர்களே என்று கேட்கிறது. முதல் கடிதத்தில் வேண்டுகோளாக இருந்த அதே உவமை இங்கே குற்றச்சாட்டாகிவிட்டது. கருத்து மாறவில்லை. மாறியது வரிசை: முதல் கடிதம் அவர்கள் துயரத்தை ஒப்புக்கொண்டுவிட்டுத் தன் காரணத்துக்குப் போயிற்று, இரண்டாவது துயரத்தையே தவறு என்கிறது. எழுதியவரின் பொறுமை தீர்ந்துவிட்டதா, அல்லது அந்தப் புலம்பல் தம் உறுதியைக் கரைத்துவிடும் என்று அஞ்சினாரா என்பது வரிகளிலிருந்து தெரியவில்லை. நவதுறவிகளின் முதல் மாதங்களில் வீட்டிலிருந்து வரும் கடிதங்களே பெரிய சோதனை என்பதை எல்லாத் துறவுச் சபைகளும் அறிந்திருந்தன.

ஏனென்றால் அந்தக் கட்டத்தில் திரும்பிப் போக வழி உண்டு. மடத்தில் சேர்ந்த உடனேயே யாரும் வார்த்தைப்பாடு கொடுத்துவிடுவதில்லை. முதலில் சபை உடை அணிவிக்கப்படும்: வெள்ளை அங்கி, அதன் மேல் முன்னும் பின்னும் தொங்கும் வெள்ளைத் தோள்துணி, வெளியே போகும்போது கறுப்பு மேலங்கி. பிறகு ஓராண்டு நவசந்நியாசம். அந்த ஓராண்டில் மடம் அவரைச் சோதிக்கும், அவரும் மடத்தைச் சோதிப்பார்; வேண்டாமென்றால் இரு தரப்பும் விலகலாம். குடும்பங்கள் இந்த ஓராண்டுக்குள்தான் மல்லுக்கட்டின. சவோனரோலா கடிதம் எழுதிய மறுநாள், ஏப்ரல் 26 அன்று, சபை உடை பெற்றார். வார்த்தைப்பாடு கொடுத்தது 1476 மே 1 அன்று. ஆகவே 25ஆம் தேதிக் கடிதத்தை எழுதியபோது அவர் சட்டப்படி இன்னும் சாதாரண இளைஞர்தான். இனித் திரும்ப முடியாது என்கிற தொனி சட்டத்திலிருந்து வந்ததல்ல, மனத்திலிருந்து வந்தது.

தொமினிக்கன் வார்த்தைப்பாட்டுச் சூத்திரத்தில் ஒரு தனித்தன்மை உண்டு. மடத்துத் தலைவரின் கைகளுக்குள் தன் கைகளை வைத்துக்கொண்டு, சாகும்வரை கீழ்ப்படிவேன் என்று மட்டுமே துறவி சொல்கிறார். ஏழ்மையும் கற்பும் தனியாகச் சொல்லப்படுவதில்லை. கீழ்ப்படிதலுக்குள் அடங்கியவையாகக் கருதப்படுகின்றன. பெற்றோரின் பார்வையில் இதன் பொருள் கடுமையானது. இதுவரை தந்தைக்குச் செலுத்திய கீழ்ப்படிதல் இனி வேறொருவருக்கு. மகன் எங்கே இருக்க வேண்டும், என்ன படிக்க வேண்டும், வீட்டுக்கு எப்போது வரலாம் என்பதை இனிச் சபைத் தலைமை முடிவு செய்யும். சொத்தில் அவர் பெயரில் எதுவும் இருக்க முடியாது. ஆகவே சம்பாதித்து அனுப்பவும் முடியாது.

கடிதம் தொடாமல் விட்ட விஷயம் இங்கே வந்து நிற்கிறது. பெற்றோரைக் காப்பாற்றும் கடமை துறவைத் தடுக்குமா என்கிற கேள்வியை அக்குவினாஸ் தம் இறையியல் தொகுப்பு நூலில் தனியாகவே எடுத்துக்கொண்டார். பிள்ளையின் உதவி இல்லாமல் பெற்றோர் உயிர்வாழவே முடியாது என்கிற நிலை இருந்தால் அவர்களை விட்டுத் துறவு பூணக் கூடாது. அப்படிப்பட்ட நெருக்கடி இல்லையென்றால், அவர்கள் விருப்பத்துக்கு மாறாகவும் சேரலாம் என்பது அவர் முடிவு. வீட்டாரால் கோட்டையில் அடைக்கப்பட்ட மனிதர் எழுதியது என்பதை நினைத்துக்கொண்டு படித்தால் அதன் நிதானம் வியப்பளிக்கும். இந்த அளவுகோலின்படி 1475இல் சவோனரோலாவுக்குத் தடையில்லை. தாய்தந்தை இருவரும் இருந்தார்கள், வேறு மகன்கள் இருந்தார்கள். அவர்களில் ஆல்பெர்த்தோ பிறகு மருத்துவரானார், தாத்தாவின் தொழில் வீட்டைவிட்டுப் போகவில்லை. ஆனாலும் குடும்பத்தின் நிலை தேறவில்லை, தாயின் கவலையும் தீரவில்லை. சட்டம் கேட்பது பட்டினி உண்டா என்று. வீடு எதிர்பார்த்தது அதைவிட அதிகம். அந்த இடைவெளியை எந்தக் கடிதமும் நிரப்ப முடியாது. மகனும் நிரப்ப முயலவில்லை.

பதினைந்து ஆண்டுகளுக்குப் பின், 1490 ஜனவரி 25 அன்று, பவியா நகரத்திலிருந்து அவர் தாய் எலேனாவுக்கு எழுதிய கடிதம் இதன் தொடர்ச்சியைக் காட்டுகிறது. அப்போது அவர் ஊர் ஊராகப் பிரசங்கம் செய்யும் துறவி; அடுத்து ஜெனோவா போகவிருந்தார். தான் தொலைவில் திரிவதற்காக வருந்த வேண்டாம் என்று தாயிடம் சொல்கிறார். ஃபெராராவிலேயே இருந்திருந்தால் இவ்வளவு பயன் விளைந்திருக்காது. சொந்த ஊரில் எந்தத் தீர்க்கதரிசிக்கும் மதிப்பில்லை. கிறிஸ்துவைப் பார்த்தே இவன் தச்சன் மகன் அல்லவா என்று கேட்டார்கள், என்னையும் அப்படித்தான் கேட்பார்கள் என்கிறார். வெளியூர்களில் தான் விடைபெறும்போது ஆண்களும் பெண்களும் அழுகிறார்கள் என்பதையும் கொஞ்சம் பெருமையோடு குறிப்பிடுகிறார். அன்னிய ஊரார் அழுவதைத் தாயிடம் சொல்லி ஆறுதல் தர முடியும் என்று அவர் நினைத்தது விசித்திரம்தான். ஆனால் மகனுக்கு எங்கேயோ மதிப்பிருக்கிறது என்று கேட்பதில் தாய்க்கு ஏதோ கிடைத்தும் இருக்கலாம். 1475 கடிதத்தின் உறுதி இதிலும் குறையவில்லை. இருதலை வாதம் மட்டும் காணாமல் போயிருந்தது. தாயிடம் அவர் தம் வேலையைப் பற்றியும் பயணத்தைப் பற்றியும்தான் பேசினார். எலேனா 1495 வரை வாழ்ந்தார். மகன் எரிக்கப்பட்டதை அவர் காணவில்லை. இளைய மகன்களில் ஒருவரான மவுரேலியோவும் பிறகு ஃபிளாரன்ஸில் அண்ணன் தலைவராக இருந்த சான் மார்கோ மடத்தில் அதே சபையின் உடையை அணிந்தார்.